சிமிலாரிட்டி 4, ஏஐ 41: ஒரே அறிக்கையில் வரும் இரண்டு சதவீதங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மென்பொருளில் ஏற்றி அறிக்கை எடுத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. சில வருடங்களுக்கு முன்பு வரை அந்த அறிக்கையில் ஒரே ஒரு எண்தான் இருக்கும். ஆய்வாளர்கள் வாசலில் நின்றபடியே "சார், எவ்ளோ வந்திருக்கு?" என்று கேட்பார்கள். நான் எண்ணைச் சொல்வேன். பத்துக்குள் இருந்தால் முகம் மலரும், இல்லாவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது அதே திரையில் இன்னொரு எண்ணும் சேர்ந்து வருகிறது. ஒன்று சிமிலாரிட்டி, அதாவது பிற எழுத்துகளோடு உள்ள ஒப்புமை. மற்றது ஏஐ, அதாவது இயந்திரம் எழுதியது போலத் தோன்றுவது. இரண்டுக்கும் பின்னால் அதே சதவீதக் குறி. அதனால் இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள். ஆய்வாளர்கள் மட்டும் இல்லை, நெறியாளர்களும், சில சமயம் குழுவில் உட்கார்ந்திருக்கும் மூத்த பேராசிரியர்களும்கூட.

முதலில் பழைய எண்ணைப் பார்ப்போம். ப்ளேஜியரிசம் செக்கர் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, அது திருட்டைத் தேடுவதில்லை. ஒரே மாதிரிச் சொற்கள் ஒரே வரிசையில் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று மட்டும் தேடுகிறது. கம்பெனிக்குக் கம்பெனி நுணுக்கம் மாறும், அடிப்படை ஒன்றுதான். "கழிமுகத்தில் பிடிக்கப்பட்ட மீன்களின் ஈரலில் காட்மியம் அதிகமாகக் காணப்பட்டது" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு சொற்கள். ஐந்தைந்து சொற்களாக ஒவ்வொரு சொல் நகர்த்தி எடுத்தால் மூன்று துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் மென்பொருள் ஒரு எண்ணாக மாற்றி, தன் கிடங்கில் இருக்கும் எண்களோடு ஒப்பிடுகிறது. கிடங்கில் இணையப் பக்கங்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள், ஏற்கெனவே யாரோ ஏற்றிய ஆய்வேடுகள் எல்லாம் இருக்கும். துண்டுகள் தொடர்ச்சியாகப் பொருந்தினால் அந்த வரிக்கு நிறம் பூசி, பக்கத்தில் மூலத்தின் பெயரையும் காட்டும்.

இதே வாக்கியத்தில் "மீன்களின்" என்பதை "மீன்களுடைய" என்று மாற்றிப் பாருங்கள். அது மூன்று துண்டுகளிலும் வரும் சொல் என்பதால் மூன்றுமே உடைந்துவிடும். பொருள் அப்படியே இருக்கிறது, எடுத்த இடமும் அதேதான், பொருத்தம் மட்டும் போய்விட்டது. இந்தக் கருவியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. நிஜமான மென்பொருள்கள் ஒரு சொல் மாறினால் ஏமாந்துவிடாதபடி அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் நாலைந்து சொல்லுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே போனால் அவையும் தோற்கும். வேறு மொழியிலிருந்து பெயர்த்து எழுதினாலோ பெரும்பாலும் கண்டே பிடிக்காது.

பலமும் இங்கேதான் இருக்கிறது. அது எதைக் காட்டினாலும் நாம் போய்ப் பார்த்துவிடலாம். இடது பக்கம் ஆய்வேட்டு வரி, வலது பக்கம் மூலம். இரண்டையும் வரிக்கு வரி வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சந்தேகப்பட்டால் மூலக் கட்டுரையையே தரவிறக்கி ஆண்டைப் பார்க்கலாம், யார் முதலில் எழுதினார்கள் என்பதும் தெரியும்.

ஒரு ஆய்வேட்டைச் சொல்கிறேன். மண்ணியல் தொடர்பான தலைப்பு. முதல் அறிக்கையில் 34 சதவீதம் வந்தது. ஆய்வாளருக்குப் பேச்சே வரவில்லை. நெறியாளர் அவரைத் திட்டத் தயாராக இருந்தார். நான் மூலப் பட்டியலைத் திறந்தேன். முதல் மூலமே 19 சதவீதம். எடுத்துப் பார்த்தால் அது அந்த ஆய்வாளரே நெறியாளரோடு சேர்ந்து எழுதி ஓர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை. அவருடைய நான்காம் இயல்தான் கட்டுரையாக முன்பே வந்திருக்கிறது. அடுத்து, நூற்பட்டியலை நீக்கும் வசதியை ஆன் செய்யாமல் விட்டிருந்தார்கள், அது ஒரு 6 சதவீதம். ஒரே துறையில் எழுதுகிற எல்லோரும் அதே நூல்களைத்தான் குறிப்பிடுவார்கள், நூற்பட்டியல் பொருந்தாமல் என்ன செய்யும்? சான்றிதழ்ப் பக்கம், உறுதிமொழிப் பக்கம், பல்கலைக்கழகம் கொடுத்த அச்சு வாசகங்கள் சேர்ந்து 3. மீதி 6.

இந்த இடத்தில் நெறியாளர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஆறுதானே சார், பத்துக்குள்ளதான இருக்கு" என்றார். அந்த ஆறைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதில் பாதிக்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பொதுத் தொடர்கள். ஆனால் இரண்டாம் இயலில் அடுத்தடுத்து இரண்டு பத்திகள் முழுக்க நிறம் பூசியிருந்தன. மூலம், இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் இருக்கும் வேறொரு பல்கலைக்கழக ஆய்வேடு. மேற்கோள் குறி இல்லை, அடிக்குறிப்பு இல்லை, நூற்பட்டியலில்கூட அந்த ஆய்வேட்டின் பெயர் இல்லை. அந்த 34-இல் இருந்த ஒரே நிஜமான பிரச்சினை அதுதான். 19 சதவீதத்துக்கு நெறியாளர் ஒரு சான்று கொடுத்து, எந்த இயல் எந்தக் கட்டுரையாக வந்தது என்று ஆய்வேட்டிலேயே குறித்தால் போதும். இதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தன்னுடையதே என்றாலும் சொல்லாமல் மறுபடி பயன்படுத்துவதைப் பற்றி யுஜிசி 2020-இல் தனியாக ஓர் அறிவிப்பே வெளியிட்டது. அந்த இரண்டு பத்திகளையோ சான்று எதுவும் காப்பாற்றாது, திருப்பி எழுதி மூலத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். எண்ணை மட்டும் பார்க்கிறவர் 34-ஐப் பார்த்து நிரபராதியைத் திட்டுவார், 6-ஐப் பார்த்து தவறை விட்டுவிடுவார்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். யாரோ ஒரு வரைவை முன்னோட்டமாக ஏற்றும்போது, கிடங்கில் சேமிக்க வேண்டாம் என்ற தேர்வைப் போடாமல் விட்டுவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து இறுதிப் பிரதியை ஏற்றினால் 95, 98 என்று வரும். மூலம் என்னவென்று பார்த்தால் அதே ஆய்வாளரின் பழைய வரைவு. பயந்துபோய் அழுதவர்கள் உண்டு. மூலப் பட்டியலின் முதல் வரியைப் பார்த்தால் அரை நிமிடத்தில் தீரும் விஷயம்.

இப்போது இரண்டாவது எண். ஏஐ டிடெக்டருக்குக் கிடங்கே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க மூலமும் கிடையாது. மொழி மாதிரிகள் ஒவ்வொரு அடுத்த சொல்லையும், இந்த இடத்தில் எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு எழுதுகின்றன. அதனால் அவை எழுதும் வாக்கியங்களில் எதிர்பாராத சொல் குறைவாக இருக்கும், வாக்கிய நீளங்களும் பெரிதாக ஏறி இறங்காது. இப்படிப்பட்ட குணங்களை ஏராளமான மனித எழுத்தையும் இயந்திர எழுத்தையும் காட்டி ஒரு மென்பொருளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அது உங்கள் ஆய்வேட்டைச் சில நூறு சொற்கள் கொண்ட பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு மதிப்பெண் போடுகிறது. ஒன்றை நெருங்கினால் நிறம் பூசும். குழம்பின் வாசனையை வைத்து இது யார் வீட்டுச் சமையல் என்று சொல்வது போலத்தான் இது. பல நேரம் சரியாக இருக்கலாம். ஆனால் "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

அந்தச் சதவீதத்தின் பொருளும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. டர்னிட்டின் என்ற மென்பொருள் காட்டும் 41 என்றால், உரைநடையாகத் தொடர்ந்து எழுதிய வாக்கியங்களில் அத்தனை சதவீதம் இயந்திர எழுத்து போலத் தோன்றுகிறது என்று அர்த்தம். வேறு சில கருவிகள், இந்த ஆவணம் இயந்திரம் எழுதியதாக இருக்க இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்கின்றன. முதலாவது அளவு, இரண்டாவது வாய்ப்பு. ஒரு குழுக் கூட்டத்தில் இரண்டு பேராசிரியர்கள் இரண்டு வேறு கருவிகளில் எடுத்த அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டு, "உங்க எண் தப்பு" என்று வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். இருவரும் வேறு வேறு கேள்விக்கான பதில்களைக் கையில் வைத்திருந்தார்கள்.

டர்னிட்டினே தன் அறிக்கைக்கு எல்லைகள் சொல்லியிருக்கிறது. 300 சொற்களுக்குக் குறைவான உரையை அது சோதிக்காது. பட்டியல், அட்டவணை, கவிதை, நிரல் இவற்றைக் கணக்கில் எடுக்காது. ஒன்று முதல் 19 சதவீதம் வரை வந்தால் தவறாகப் பிடித்திருக்க வாய்ப்பு கூடுதல் என்பதால், எண்ணைக் காட்டாமல் `*%` என்று நட்சத்திரக் குறி போட்டு விட்டுவிடுகிறது. இந்த நட்சத்திரத்தைப் பார்த்து "ஏதோ மறைக்கிறாங்க" என்று சந்தேகப்பட்ட நெறியாளர்களும் உண்டு. கம்பெனியே நம்பிச் சொல்லத் தயங்கும் எண்ணை நாம் ஏன் துருவ வேண்டும்?

தலைப்பில் சொன்ன ஆய்வேடு விலங்கியல் துறையைச் சேர்ந்தது. கழிமுக மீன்களில் கன உலோகங்கள் பற்றிய ஆய்வு. ஆய்வாளர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பெண். ஆய்வேடு ஆங்கிலத்தில். சிமிலாரிட்டி 4, ஏஐ 41. குழுவில் ஒருவர் அறிக்கையைப் பார்த்ததும், "நாப்பதைத் தாண்டிருச்சே சார், ஒரு வருஷம் நிறுத்தி வைக்கணுமே" என்றார்.

அவர் எங்கிருந்து அதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். யுஜிசி 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் நான்கு நிலைகள் இருக்கின்றன. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியைக் கொடுக்கவே ஒரு வருடம் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தற்செயலாகப் பொருந்தக்கூடிய பதினான்கு சொற்கள் வரையிலான தொடர்களுக்கு விலக்கு, நூற்பட்டியலுக்கு விலக்கு, உரிய முறையில் மேற்கோள் காட்டியதற்கு விலக்கு என்று விவரமாகவும் எழுதியிருக்கிறார்கள். இவை எல்லாமே ஒப்புமையைப் பற்றியவை. 2018-இல் இந்த இரண்டாவது எண்ணே யார் மேஜையிலும் கிடையாது. டர்னிட்டின் ஏஐ கண்டறிதலைச் சேர்த்ததே 2023 ஏப்ரலில்தான். அந்தப் படிநிலையை எடுத்து ஏஐ சதவீதத்தின் மேல் வைக்க ஒழுங்குமுறையில் இடமே இல்லை. ஒழுங்குமுறையின் நகலை மேஜையில் வைத்து அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். அந்தப் பேராசிரியர் நல்லவர், உடனே ஒத்துக்கொண்டார். "சரி, அப்ப இந்த நாப்பத்தொண்ண என்னதான் பண்றது?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி.

நிறம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தோம். இரண்டாம் இயல், அதாவது முன்னாய்வுகள் பற்றிய பகுதி, ஏறக்குறைய முழுதும். மூன்றாம் இயல், அதாவது ஆய்வு முறைகள், பெரும்பகுதி. முடிவுகளும் விவாதமும் இருக்கும் இயல்களில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

மூன்றாம் இயலைப் படித்தால் காரணம் புரிந்தது. மாதிரிகள் சேகரிக்கப்பட்டன, மாதிரிகள் கழுவப்பட்டன, மாதிரிகள் உலர்த்தப்பட்டன, மாதிரிகள் அமிலத்தில் கரைக்கப்பட்டன என்று செயப்பாட்டு வினையில், ஒரே நீளத்தில், ஒரே அமைப்பில் பக்கம் பக்கமாக வாக்கியங்கள். அறிவியலில் முறைகள் பகுதியை அப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆங்கிலத்தைப் பின்னாளில் கற்றவர்கள், தெரிந்த வாக்கிய அமைப்பை விட்டு வெளியே வரத் தயங்குவார்கள். எதிர்பாராத சொல் அங்கே எப்படி வரும்? இது என் ஊகம் மட்டும் இல்லை. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதம் கட்டுரைகளை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. 91-இல் 89 கட்டுரைகளை ஏழில் ஏதாவது ஒன்றாவது பிடித்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளிலோ இந்தத் தவறு மிகக் குறைவு. அந்த ஏழில் டர்னிட்டின் இல்லை, கருவிகளும் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காரணம், எளிய சொற்களும் சீரான வாக்கியங்களும், நம் ஆய்வேடுகளில் அப்படியேதான் இருக்கிறது.

ஆய்வாளரை அழைத்து, குற்றம் சாட்டுகிற தோரணை இல்லாமல், மூன்றாம் இயலுக்கான ஆய்வகக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னோம். கொண்டுவந்தார். அமிலக் கறை படிந்த பக்கங்களில் தேதி வாரியாக எடைகள், கொதிக்கவைத்த நேரம், வடிகட்டியபோது உடைந்த குடுவை பற்றிய ஒரு குறிப்பு எல்லாம் இருந்தன. நெறியாளர் சிவப்பு மையில் திருத்திய பழைய அச்சுப் பிரதிகளும் இருந்தன. அவற்றில் இருந்த இலக்கணப் பிழைகளோடு தொடங்கி இறுதி வடிவம் வரை அந்த இயல் வளர்ந்ததைப் பார்க்க முடிந்தது. ஏன் அந்த அமிலம், ஏன் அந்த விகிதம் என்று கேட்டதற்குத் தமிழிலேயே தடுமாறாமல் பதில் சொன்னார். மூன்றாம் இயல் அவருடையதுதான், சந்தேகமே இல்லை.

இரண்டாம் இயல் வேறு கதை. அதற்கு வரைவு எதுவும் வரவில்லை. கேட்டால் தயங்கினார். நான் அந்த இயலைத் திறந்து படித்துக்கொண்டே போனேன். நான்காம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றேன். ஆய்வேடு முழுக்க "ஹெவி மெட்டல்ஸ்" என்று எழுதியவர், அங்கே மட்டும் "சப்ஸ்டான்ஷியல் மெட்டல்ஸ்" என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் "வெய்ட்டி மெட்டல்ஸ்". விலங்கியலிலும் வேதியியலிலும் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாக்கியத்தை மாற்றி எழுதும் மென்பொருள், இது கலைச்சொல் என்று தெரியாமல் அகராதியிலிருந்து வேறு சொல்லைப் பிடித்துப் போட்டிருக்கிறது. 2021-இல் கபானாக், லாபே, மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளிவந்த ஆய்விதழ்க் கட்டுரைகளிலேயே இப்படிச் சிதைந்த சொற்களை நிறையக் கண்டுபிடித்தார்கள். "பிரெஸ்ட் கேன்சர்" என்பது "நெஞ்சு ஆபத்து" என்று பொருள்படும் "புஸம் பெரில்" ஆகியிருந்தது. "சிக்னல் டு நாய்ஸ்" என்பது "ஃப்ளாக் டு கமோஷன்" ஆகியிருந்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் தடயம் என்றால் இதுதான் தடயம். எந்தச் சதவீதத்தையும்விட இது உறுதியானது, யார் முன்னாலும் எடுத்து வைக்கலாம்.

அப்புறம் அவரே சொன்னார். முதல் வரைவை வெளியே ஓர் இலவசத் தளத்தில் போட்டுப் பார்த்தபோது சிமிலாரிட்டி அதிகமாக வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எதிரே தட்டச்சும் பைண்டிங்கும் செய்யும் கடைகளில் ஒன்றில், பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு "பத்துக்குள்ள கொண்டுவந்து தர்றோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கொடுத்துவிட்டார். சொன்னபடி அவர்களும் 4-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சிமிலாரிட்டி ஏன் அவ்வளவு குறைவு, ஏஐ ஏன் அவ்வளவு அதிகம் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விடை. மாற்றி எழுதும் மென்பொருள் துண்டுகளை உடைக்கிறது, அதனால் முதல் எண் இறங்குகிறது. உடைத்த இடங்களில் தன் நடையைப் போடுகிறது, அதனால் இரண்டாவது எண் ஏறுகிறது. இப்போது சில அறிக்கைகள், மாற்றி எழுதும் கருவியால் எழுதப்பட்டது போலத் தோன்றும் பகுதியைத் தனி நிறத்தில் காட்டவும் செய்கின்றன. முன்னாய்வுப் பகுதியில் சிமிலாரிட்டி சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவாக இருந்தால் நான் இப்போது அதையும் கவனிக்கிறேன். ஒரு துறையில் முன்பு நடந்த ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது கொஞ்சமாவது பொருந்தத்தான் செய்யும்.

இங்கே கவனியுங்கள். மூன்றாம் இயலுக்கும் இரண்டாம் இயலுக்கும் மென்பொருள் பூசியது ஒரே நிறம். ஒன்று அந்தப் பெண் ஆய்வகத்தில் நின்று செய்ததை அவரே எழுதியது, மற்றது கடையில் சிதைத்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது குறிப்பேடும், வரைவுகளும், அந்த இரண்டு சொற்களும்தான். குழு முடிவு அதற்கேற்ப அமைந்தது. இரண்டாம் இயலை மூல வரைவிலிருந்து அவரே திரும்ப எழுத வேண்டும், எடுத்தாண்ட ஒவ்வொரு கருத்துக்கும் மூலம் குறிக்க வேண்டும். மூன்றாம் இயல் அப்படியே இருக்கும். திரும்ப எழுதிய பிரதியில் சிமிலாரிட்டி 4-லிருந்து 8-க்கு ஏறியது. யாரும் கவலைப்படவில்லை. ஏஐ எண் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை, மூன்றாம் இயல் அப்படியே இருந்ததால். அதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தோம்.

"தவறு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று கம்பெனி சொல்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. டர்னிட்டின் சொல்வது, 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் முழு ஆவணங்களைப் பற்றி. தனித்தனி வாக்கியங்களில் தவறு சுமார் 4 சதவீதம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆக, நிறம் பூசிய ஒரு வாக்கியத்தைக் காட்டி "இதோ பார்" என்று சொல்லவே முடியாது. ஒரு சதவீதம் என்பதும் கேட்கத்தான் சின்னது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2022-இல் தாங்கள் சோதித்த 75,000 கட்டுரைகளை வைத்துக் கணக்குப் போட்டது. ஒரு சதவீதம் தவறென்றால் 750 கட்டுரைகள். 2023 ஆகஸ்டில் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்களின் சோதனையிலேயே அது இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனித எழுத்தில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது.

எதிர்த்திசையும் உண்டு, அதை மறந்துவிடுகிறோம். ஏஐ எண் சுழியம் என்று வந்தால் அவரே எழுதியது என்று பொருள் இல்லை. இயந்திரம் எழுதியதைக் கொஞ்சம் கையால் கலைத்துப் போட்டாலே பல கருவிகள் விட்டுவிடும். நட்சத்திரக் குறி வந்த ஓர் ஆய்வேட்டில், நூற்பட்டியலை நான் வழக்கம்போல் சரிபார்த்தபோது சில கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. ஆய்விதழ் உண்மை, ஆண்டு உண்மை போல, தொகுதி எண்ணும் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருக்கிறார்கள். மொழி மாதிரிகள் இப்படி இல்லாத மூலங்களைச் சர்வசாதாரணமாக உருவாக்கிவிடும். அதனால் எந்த எண் வந்தாலும் நூற்பட்டியலில் பத்து உருப்படிகளையாவது எடுத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தனியாகக் கொடுக்கப்படும் டிஓஐ எண்ணைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். கால் மணி நேர வேலை.

இப்போது எங்கள் அலுவலகக் குறிப்பில் இரண்டு எண்களையும் ஒரே கட்டத்தில் எழுதுவதில்லை. சிமிலாரிட்டிக்கு நேரே எண், எதையெல்லாம் நீக்கினோம், மிஞ்சியதில் ஒரே மூலத்திலிருந்து தொடர்ச்சியாக வந்த பகுதிகள் எந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்று எழுதுகிறோம். ஏஐ-க்கு நேரே எந்த இயல்களில் நிறம் விழுந்தது, அந்த இயல்களுக்கு வரைவும் குறிப்பேடும் பார்த்தோமா, ஆய்வாளரிடம் பேசினோமா என்பது மட்டும். "எண் எங்கே?" என்று கேட்டால் அறிக்கை இணைப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். ஆய்வாளர்களிடம் நான் சொல்வது, வரைவுகளை அழிக்காதீர்கள் என்பதுதான். கூகுள் டாக்ஸில் எழுதினால் திருத்த வரலாறு தானாகவே இருக்கும். வேர்டில் எழுதுகிறவர்கள் இயல் முடிந்ததும் தேதி போட்டு ஒரு பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளலாம். இலக்கணம் திருத்த ஏதாவது கருவியைப் பயன்படுத்தினால், எந்தக் கருவி, எந்த இயலில் என்று நெறியாளரிடம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

தமிழில் எழுதும் ஆய்வேடுகளுக்கு இதில் எதுவும் அப்படியே பொருந்தாது. டர்னிட்டினின் ஏஐ கண்டறிதல் ஆங்கிலத்தில் தொடங்கி, பிறகு ஸ்பானிஷுக்கும் ஜப்பானிய மொழிக்கும் போனது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் தமிழ் ஆய்வேட்டுக்கு ஏஐ சான்று கேட்டு யாராவது வந்தால், வெளியே ஏதோ ஓர் இலவசத் தளத்தில் எடுத்த எண்ணைக் கொண்டுவந்தால், அதை நான் கோப்பில் சேர்ப்பதில்லை. சிமிலாரிட்டி எண்ணும் தமிழுக்கு அரைகுறைதான். நம் நூல்களில் பெரும்பகுதி இணையத்தில் எழுத்தாக இல்லை, படமாக ஸ்கேன் செய்துதான் இருக்கிறது, பழைய ஆய்வேடுகளும் அப்படியே. படத்தை மென்பொருளால் பொருத்திப் பார்க்க முடியாது. சிலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவருகிறார்கள். திரையில் நமக்குத் தமிழாகத் தெரிவது மென்பொருளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், ஒப்புமை சுழியம் என்று அறிக்கை தரும். அப்படி ஒன்று வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக் கொண்டுவரச் சொல்கிறேன். மாற்றி வந்ததும், துறையில் நன்கு வாசித்த ஒரு பேராசிரியரிடம் இரண்டாம் இயலை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். "இது இன்னார் புத்தகத்துல அம்பதாம் பக்கமாச்சே" என்று அவர்தான் சொல்வார்.